இருபது சதவீதம் என்றால் எத்தனை கிராம்?

3டி பிரின்டரில் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம் அடிக்கப் போகிறோம். அதன் கன அளவு 125 கன சென்டிமீட்டர். உள்ளே கெட்டியாக இருக்கத் தேவையில்லை என்பதால் இன்ஃபில், அதாவது உள்நிரப்பு, 20 சதவீதம் என்று வைக்கிறோம். எவ்வளவு பிளாஸ்டிக் செலவாகும்? 125-இல் 20 சதவீதம் 25. பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.24 கிராம். பெருக்கினால் 31 கிராம். முதல்முறை கணக்குப் போடும் பலரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஆனால் அடித்து முடித்த பொருளைத் தராசில் வைத்தால் 42 கிராமைத் தாண்டிவிடும்.

பெருக்கலில் பிழை இல்லை. 20 சதவீதம் எதற்குப் பொருந்துகிறது என்பதில்தான் பிழை. அது முழுப் பொருளுக்கும் உரியதல்ல. தோலை உரித்த பிறகு மிஞ்சும் உட்பகுதிக்கு மட்டும் உரியது. நாம் என்ன சதவீதம் கொடுத்தாலும் பக்கச் சுவர்களையும் அடித்தளத்தையும் மேல்மூடியையும் பிரின்டர் கெட்டியாகவே அடிக்கும். அந்தத் தோலுக்குள் இருக்கும் வெற்றிடத்தில்தான் வலைபோல இடைவெளி விட்டுக் கோடுகள் ஓடும்.

நம் கனசதுரத்தையே எடுத்துக்கொள்வோம். 0.4 மி.மீ. அகலக் கோடுகள் இரண்டு சேர்ந்தது ஒரு சுவர்; அதன் தடிமன் 0.8 மி.மீ. மேலும் கீழும் 0.2 மி.மீ. உயர அடுக்குகள் நான்கு நான்கு; அங்கேயும் 0.8 மி.மீ. ஆக, எல்லாப் பக்கமும் 0.8 மி.மீ. போக, உள்ளே மிஞ்சுவது 48.4 மி.மீ. பக்கமுள்ள இன்னொரு கனசதுரம். அதன் கன அளவு 113.38 கன செ.மீ. 125-இலிருந்து இதைக் கழித்தால் தோல் மட்டும் 11.62. உட்பகுதியில் 20 சதவீதம் 22.68. இரண்டும் சேர்ந்து 34.30 கன செ.மீ. இதை 1.24-ஆல் பெருக்கினால் 42.5 கிராம்.

தோலைக் கணக்கிட ஒரு குறுக்குவழியும் உண்டு. பொருளின் மொத்த மேற்பரப்பைச் சுவர்த் தடிமனால் பெருக்கினால் போதும். இங்கே மேற்பரப்பு 150 சதுர செ.மீ.; 0.08 செ.மீ.-ஆல் பெருக்கினால் 12. உண்மையான 11.62-க்கு அது நெருக்கமாகவே இருக்கிறது. விலை சொல்வதற்கு இவ்வளவு துல்லியம் போதும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. செலவைத் தீர்மானிப்பதில் கன அளவுக்கு இருக்கும் அதே பங்கு மேற்பரப்புக்கும் உண்டு. பொருள் சிறியதாக ஆக, தோலின் பங்கு கூடிக்கொண்டே போகும். புதிய பிரின்டரைச் சோதிக்க வழக்கமாக அடிக்கும் 2 செ.மீ. கனசதுரத்தைப் பாருங்கள். மொத்தம் 8 கன செ.மீ. அதே அமைப்பில் தோலுக்கு 1.77, உள்நிரப்புக்கு 1.25. பாதிக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் தோலுக்கே போய்விடுகிறது. 20 சதவீதம் என்று அமைத்தோம். உண்மையில் செலவானது கன அளவில் 38 சதவீதம்.

தட்டையான பொருள்களில் இது இன்னும் வேடிக்கை. 10 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு பெயர்ப்பலகை. மேலே 0.8, கீழே 0.8 போனால் நடுவில் மிஞ்சுவது 0.4 மி.மீ., அதாவது இரண்டே அடுக்கு. இன்ஃபிலை 10 சதவீதமாக வைத்தால் 12.3 கிராம் ஆகும். 50-க்கு ஏற்றினாலும் 13.5 கிராம்தான். இப்படிப்பட்ட பொருளில் இன்ஃபிலைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்க முனைவது வீண்வேலை. சுவரையோ மூடி அடுக்குகளையோ குறைத்தால்தான் எடை இறங்கும்.

இனி நீளத்துக்கு வருவோம். பிரின்டருக்குக் கிராம் தெரியாது. முறுக்கு உரல் மாவைப் பிழிவதுபோல அது ஃபிலமென்ட் இழையை உருக்கித் தள்ளுகிறது; தள்ளும் அளவை இழையின் நீளமாகத்தான் அறியும். வழக்கமான இழையின் விட்டம் 1.75 மி.மீ. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 2.405 சதுர மி.மீ. எனவே ஒரு மீட்டர் இழையில் இருப்பது 2.405 கன செ.மீ. பிளாஸ்டிக்; பி.எல்.ஏ.வில் அது ஏறக்குறைய 3 கிராம். நம் கனசதுரத்தின் 34.30-ஐ 2.405-ஆல் வகுத்தால் 14.26 மீட்டர். ஒரு கிலோ பி.எல்.ஏ. சுருளில் சுமார் 335 மீட்டர் இருக்கும்.

அதே பொருளை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அடித்தால் நீளம் மாறாது, அதே 14.26 மீட்டர்தான். அடர்த்தி 1.04 என்பதால் எடை மட்டும் 35.7 கிராமாக இறங்கும். ஒரு கிலோ சுருளிலும் 400 மீட்டர் வரை கிடைக்கும். கிலோ விலையை மட்டும் பார்த்து இரண்டு பிளாஸ்டிக்கை ஒப்பிடுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

இத்தனையும் ஸ்லைசர் மென்பொருள் தானே போட்டுத் தரும் கணக்குதான். பிரூசாஸ்லைசர் தன் கோப்பில் இப்படி எழுதி வைக்கும்:

```
; filament used [mm] = 14260.00
; filament used [cm3] = 34.30
; filament used [g] = 42.53
```

முதல் இரண்டு வரிகளும் அது அடிக்கப்போகும் கோடுகளைக் கூட்டிக் கிடைப்பவை. மூன்றாவது, நாம் கொடுத்த அடர்த்தியை நம்பி வருவது. அடர்த்தி தவறென்றால் கிராமும் தவறு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, சரிவான பரப்புகளுக்கு அடியில் கூடுதலாக விழும் கெட்டி அடுக்குகள் போன்றவற்றால் நம் கைக்கணக்குக்கும் ஸ்லைசருக்கும் சில சதவீதம் வித்தியாசம் வரும். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைத் தாங்க அடிக்கும் முட்டுகள் மாதிரியின் கன அளவில் இல்லவே இல்லை. சில உருவங்களில் முட்டுக்கு ஆகும் பிளாஸ்டிக் பொருளையே மிஞ்சிவிடும். பல நிறத்தில் அடித்தால், ஒவ்வொரு முறை நிறம் மாறும்போதும் பழைய நிறத்தை வெளியேற்றுவதில் வீணாவது தனி.

முட்டு உட்பட எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த பிறகும் எடை ஸ்லைசர் சொன்னதைவிடக் குறைந்தால் இழையின் விட்டத்தை அளக்க வேண்டும். 1.75 என்று விற்றது உண்மையில் 1.70 என்றால், பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் மாறுவதால், 5.6 சதவீதம் பிளாஸ்டிக் குறையும், 42.5 கிராம் பொருள் 40 கிராமாக வரும், சுவர்க் கோடுகளுக்கு இடையே மெல்லிய இடைவெளியும் தெரியும். வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளந்து, சராசரியை ஸ்லைசரில் கொடுத்தால் சரியாகிவிடும். விட்டம் சரியாக இருந்தும் எடை குறைகிறதென்றால் இழையைத் தள்ளும் பற்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். இழை உள்ளே நுழையும் வாயிலிருந்து 120 மி.மீ. தள்ளி ஒரு குறி போட்டு, நாசிலைச் சூடாக்கி, இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
M83
G1 E100 F100
```

100 மி.மீ. இழை உள்ளே போக வேண்டும். குறி வாயிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 25-இல் நின்றால் போனது 95 மி.மீ.தான். அப்போது ஸ்லைசர் காட்டும் நீளம் இயந்திரத்திடம் கேட்ட நீளம் மட்டுமே. சுருளிலிருந்து உண்மையில் இறங்கியது அதைவிட 5 சதவீதம் குறைவு.