ஓலை எங்கே முடிகிறது?

கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு பனையோலை ஏட்டை வைத்துப் படம் எடுக்கிறோம். ஓலை எங்கே முடிகிறது என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகூட விரல் வைத்துக் காட்டிவிடும். கணினியிடம் இருப்பதோ வெறும் எண்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. அந்த எண்களுக்குள் கோடு எதுவும் கிடையாது. விளிம்பைக் கணக்குப் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும்.

துணியிலிருந்து ஓலைக்குள் நுழையும் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம்.

```
40 40 40 40 60 100 140 160 160 160 160
```

இடப்பக்கம் துணி, வலப்பக்கம் ஓலை. எந்தக் கேமராவும் 40-லிருந்து 160-க்கு ஒரே தாவலில் போகாது. லென்ஸின் இயல்பால் நடுவே இப்படி ஒரு சரிவு விழும். அந்தச் சரிவில் ‘விளிம்பு’ என்று எந்தப் பிக்சலைச் சொல்வது?

முதல் வழி, ஏற்றம் எங்கே செங்குத்தாக இருக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு பிக்சலிலும் வலப்பக்க எண்ணிலிருந்து இடப்பக்க எண்ணைக் கழிக்கிறோம். துணியின் நடுவில் 0 வருகிறது. சரிவு தொடங்கியதும் 20, 60, 80, 60, 20 என்று ஏறி இறங்குகிறது. உச்சம் 80, அது 100 என்ற பிக்சலில் இருக்கிறது. இந்தக் கழித்தலைப் படம் முழுக்கச் செய்ய ஒரு சின்ன எண் கட்டத்தைப் பிக்சல் பிக்சலாக நகர்த்துவார்கள். அதற்குப் பெயர் மாஸ்க். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் அர்வின் சோபலும் கேரி ஃபெல்ட்மனும் முன்வைத்த மாஸ்க் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

```
-1  0  1
-2  0  2
-1  0  1
```

இடமிருந்து வலமாகப் பார்த்தால் கழித்தல். மேலிருந்து கீழாகப் பார்த்தால் 1, 2, 1 என்ற சராசரி. மூன்று வரிசைகளைக் கலந்து பார்ப்பதால், ஒரு வரிசையில் தப்பி விழுந்த புள்ளி கணக்கைக் கெடுப்பதில்லை. அதாவது மங்கலாக்கும் வேலை இந்த மாஸ்க்குக்குள்ளேயே கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. படுக்கைவாட்டில் ஓடும் விளிம்புகளுக்கு இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

குறை ஒன்று உண்டு. 50-க்கு மேல் வந்ததெல்லாம் விளிம்பு என்று வரம்பு வைத்தால் 60, 80, 60 மூன்றுமே தேறிவிடும். மயிரிழையாக வரவேண்டிய கோடு மூன்று பிக்சல் தடிமனில், ஸ்கெட்ச் பேனாவால் இழுத்ததுபோல் வரும்.

இரண்டாவது வழி இதைச் சரிசெய்கிறது. ஏற்றத்தைப் பார்க்காமல், ஏற்றம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இரு பக்கத்து எண்களையும் கூட்டி, நடு எண்ணின் இரு மடங்கைக் கழிக்கிறோம். நம் வரிசையில் 20, 20, 0, -20, -20 என்று வருகிறது. ஏற்றம் கூடும்வரை கூட்டல் குறி. குறையத் தொடங்கியதும் கழித்தல் குறி. குறி மாறும் இடம், அதாவது சுழியைக் கடக்கும் இடம், 100 என்ற பிக்சல் ஒன்றுதான். இரு திசையிலும் இதைச் சேர்த்துச் செய்யும் மாஸ்க்குக்கு பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸின் பெயரால் லாப்லாசியன் என்று பெயர்.

```
0  1  0
1 -4  1
0  1  0
```

இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே, பிறகு சோபல் எதற்கு என்று தோன்றும். ஓலையின் நடுப்பகுதிக்கு வந்தால் பதில் கிடைத்துவிடும். அங்கே 160, 160 என்று சீராகவா இருக்கிறது? நாரும் கறையும் கேமராவின் இரைச்சலும் சேர்ந்து, 160, 164, 159, 162, 160 என்று துள்ளும். இடது வலது கழித்தல் இங்கே -1, -2, 1 என்றுதான் தருகிறது. விளிம்பின் 80-க்கு முன்னால் அது தூசு. லாப்லாசியன் கணக்கோ -9, 8, -5 என்று வருகிறது. மூன்று பிக்சலில் இரண்டு முறை குறி மாறிவிட்டது! விளிம்பே இல்லாத இடத்தில் இரண்டு விளிம்புகள். சுழியைக் கடக்கும் கோடுகள் வளைந்து வளைந்து தம்மைத் தாமே சுற்றி மூடிக்கொள்ளும் இயல்புடையவை. அதனால் ஓலை முழுக்க இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் ஒரு படம் கிடைக்கும்.

1980-ல் டேவிட் மாரும் எலன் ஹில்ட்ரெத்தும் எழுதிய கட்டுரை சொன்ன வழி இது: முதலில் மங்கலாக்கு, பிறகு லாப்லாசியன் போடு. மங்கலாக்குவது என்றால் ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்தோடு சராசரி எடுப்பது. நடுவுக்கு அதிக மதிப்பு, தூரம் போகப் போகக் குறைந்த மதிப்பு. மணி வடிவில் இறங்கும் இந்தப் பங்கீட்டுக்குக் காஸியன் என்று பெயர். அது எவ்வளவு அகலம் என்பதைச் சிக்மா என்ற எண் சொல்லும்.

கையாலேயே செய்து பார்க்கலாம். 1, 2, 1 என்று பெருக்கிக் கூட்டி 4-ஆல் வகுத்தால் அது சிக்மா ஏறக்குறைய 0.7 உள்ள மங்கலாக்கல். ஓலைப் பரப்பில் இருந்த -9, 8, -5 இப்போது -1.5, 0.5, 0 ஆகிவிடுகிறது. விளிம்பில் இருந்த 20, 20, 0, -20, -20 என்பது 15, 15, 0, -15, -15 ஆகிறது. சுழி அதே 100-இல்தான் நிற்கிறது, இம்மியும் நகரவில்லை. விளிம்பு கால் பங்கு வலுவிழந்தது. இரைச்சலோ ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

குறி மாற்றம் முழுதாக ஒழியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். -1.5-லிருந்து 0.5-க்குப் போவதும் சுழியைக் கடப்பதுதான். ஆகவே கடக்கும்போது எவ்வளவு தாவுகிறது என்று பார்க்க வேண்டும். மங்கலாக்கும் முன் விளிம்பின் தாவல் 40, இரைச்சலின் தாவல் 17. எங்கே வரம்பு வைத்தாலும் உதறல்தான். மங்கலாக்கிய பின் 30-ம் 2-ம். கண்ணை மூடிக்கொண்டு 10 என்று வைக்கலாம்.

இப்படி நல்லது நடக்கிறதே என்று சிக்மாவை ஏற்றிக்கொண்டே போனேன் ஒருமுறை. சிக்மா 4 வைத்ததும் நார்கள் மறைந்து, ஓலையின் எல்லை பிசிறில்லாமல் வந்தது. முனைகள் மட்டும் கொஞ்சம் உருண்டு போயிருந்தன. எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எழுத்தாணி கீறிய கோடு அந்தப் படத்தில் இரண்டு பிக்சல் அகலம். கணினி வரைந்த வெளிக்கோடுகளுக்கு இடையே எட்டு பிக்சல் இடைவெளி! பக்கத்துப் பக்கத்துச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

கோளாறு நிரலில் இல்லை. ஓலையின் விளிம்பு தன்னந்தனியாக நிற்கும் சரிவு. எவ்வளவு மங்கலாக்கினாலும் அதன் நடு நடுவாகவே இருக்கும். எழுத்துக் கோட்டுக்கோ இரண்டு விளிம்புகள், மிக நெருக்கத்தில். மங்கல் அவ்விரண்டையும் கலந்துவிட்டால் கோட்டின் அசல் அகலம் மறந்துபோகும். பிறகு சுழி விழும் இடத்தைத் தீர்மானிப்பது சிக்மாதான்: நடுவிலிருந்து இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. சிக்மா 1 என்றால் அதே கோட்டின் அகலம் 2.4 பிக்சலாக வரும், அது பரவாயில்லை.

சிக்மா சரிதானா என்று அறிய, வந்த கோடுகளை அசல் படத்தின் மேலேயே போட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். நார்களுக்கெல்லாம் கோடு விழுந்திருந்தால் சிக்மா போதவில்லை. எழுத்தைத் தொடாமல் வெளிக்கோடு தள்ளி நின்றால் சிக்மா அதிகம். ஓலை எல்லைக்கும் எழுத்துக்கும் சேர்த்து ஒரே சிக்மா தேடி இரண்டு நாள் வீணாக்கினேன். அப்படி ஒன்று கிடையாது. இப்போது ஒரே படத்தை இரண்டு முறை ஓட்டுகிறேன்: ஓலைக்கு 4, எழுத்துக்கு 1.