மாடியில் எத்தனை கிலோவாட் போடலாம்?

சோலார் போட விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும், “மூணு கிலோவாட் போட்டா பில்லே வராதா?” என்றுதான் தொடங்குகிறார்கள். பதிலுக்கு நான் கடந்த ஓராண்டின் ஆறு கரண்ட் பில்களைக் கேட்பேன். எத்தனை பேனல் போட வேண்டும் என்பது மொட்டை மாடியின் அளவைப் பார்த்து முடிவாகிற விஷயமல்ல. பில்தான் அதைச் சொல்லும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு எல்லா யூனிட்டும் ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் தலா 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியின் விலையும் கூடிவிடுகிறது. 101-வது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய். மேல்படிகள் 8.40, 9.45, 10.50 என்று போகின்றன. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டும் வீடு, 501 ஆனால் ஏறக்குறைய 243 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

சோலார் யூனிட் இந்தப் படிக்கட்டின் உச்சியிலிருந்துதான் கழியும். விலை கூடிய யூனிட்டுகள் முதலில் போகும். சோலாரின் லாபம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கோடையில் ஏசி ஓடி இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். யூனிட் கட்டணம் மட்டும் 5,820 ரூபாய். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் அறுபது நாளில் 480 யூனிட். மீதி 420 யூனிட்டுக்குப் பில் 1,301 ரூபாய். மிச்சம் 4,519, கழிந்த யூனிட் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது ரூபாய்க்கு மேல். இன்னும் ஒரு கிலோவாட் கூட்டினால் பில் 188 ரூபாய்க்கு இறங்கும். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது 1,113 ரூபாய்தான்.

ஆண்டு முழுவதும் 900 ஓடாது. மற்ற நான்கு பில்களும் 600 யூனிட் என்று வைத்தால், 2,880 ரூபாய் கட்டிய இடத்தில் இரண்டு கிலோவாட்டோடு 47 ரூபாய் கட்டுவீர்கள். ஆண்டுக்கு மொத்த மிச்சம் ஏறக்குறைய 20,400 ரூபாய். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் கிடைக்கும். அது போகக் கையிலிருந்து 80,000 போட்டிருந்தால் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000தான். அது தருவதோ ஆண்டுக்கு 2,400 ரூபாய். இந்த வீட்டுக்கு இரண்டு கிலோவாட்டே போதும் என்பேன். அடுத்த ஆண்டு மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏசியோ வாங்குவதாக இருந்தால் மூன்று போடலாம்.

பகலில் வீட்டில் ஆளில்லை, ஏசி ஓடுவது ராத்திரியில்தானே என்று கேட்பார்கள். பேனல் தரும் கரண்டை முதலில் வீடு எடுத்துக்கொள்ளும். மீதி தெருக் கம்பிக்குப் போகும். இருவழி மீட்டர் போனதையும் வந்ததையும் தனித்தனியாகப் பதிகிறது. பில் போடும்போது ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்படும். அதனால் பேட்டரி தேவையில்லை. அதற்கு ஒரு விலையும் உண்டு: பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் கட் ஆனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயாமலிருக்க இன்வெர்ட்டர் தன்னையே அணைத்துக்கொள்கிறது. இதைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கணக்கைக் கெடுப்பது நிழல். ஒரு வரிசைப் பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், ஒரு தென்னை ஓலையோ தண்ணீர்த் தொட்டியோ ஒரு மூலையில் நிழல் போட்டாலும் இழப்பு அந்த மூலையோடு நிற்பதில்லை. இடம் பார்க்க வருகிறவர் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழும் என்று கேட்காமல் போனால் சந்தேகப்படுங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழியில் நிழல் இன்னும் நீளும்.

போட்ட பிறகு இன்வெர்ட்டர் திரையில் அன்றன்று எத்தனை யூனிட் என்று பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாளில் எட்டு யூனிட்டை ஒட்டி வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறைவது இயல்பு. வெயில் காயும்போதே ஐந்து, ஆறு என்று தொடர்ந்து வந்தால் முதலில் பேனல் தூசியைக் காலை வேளையில், பேனல் சூடாகும் முன், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் புதிதாக நிழல் விழுகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இணைப்பைச் சோதிக்கப் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.