எஞ்சும் சூரிய மின்சாரமும் வெந்நீர்த் தொட்டியும்

வீட்டுக் கூரையில் பொருத்திய சூரியத் தகடுகள் நண்பகலில்தான் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. ஆனால் அந்நேரத்தில் பல வீடுகளில் அதைப் பயன்படுத்த ஆள் இருப்பதில்லை. எஞ்சும் மின்சாரம் பொது மின்கம்பிக்குச் சென்றுவிடுகிறது. பிரிட்டனில் பல வீடுகளில் 3 கிலோவாட் மின்சுருள் பொருத்திய வெந்நீர்த் தொட்டி உண்டு. எஞ்சும் மின்சாரத்தை அச்சுருளுக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவிகள் அங்கே விற்கப்படுகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எதுவரை பயன்படும் என்பதைக் காண்போம்.

தகடுகள் 1.5 கிலோவாட் தருகின்றன, வீட்டுச் செலவு 0.3 கிலோவாட் என்று கொள்வோம். எஞ்சுவது 1.2 கிலோவாட். இப்போது சுருளின் ஸ்விட்சை நாமே போட்டால் என்ன ஆகும்? எஞ்சியதைக் கண்டு சுருள் தன் தேவையைக் குறைத்துக்கொள்ளாது. அதன் மின்தடை சுமார் 17.6 ஓம், 230 வோல்ட்டில் அது 3 கிலோவாட்டைத்தான் இழுக்கும். பற்றாத 1.8 கிலோவாட்டை நாம் விலைக்கு வாங்க நேரும்.

கருவி இதைத் தவிர்க்கிறது. வீட்டுக்கு வரும் முதன்மைக் கம்பியைச் சுற்றி ஒரு சிறு வளையம் மாட்டப்படும். அது மின்னோட்டத்தை உணரும். மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டு, ஆற்றல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று கருவி அறிகிறது. வெளியே போகுமானால் அந்த அளவைச் சுருளுக்குத் தரவேண்டும். இதற்குப் பல வழிகள் உள்ளன. எளிய வழி ஒன்றைப் பாருங்கள். மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அவற்றில் 20 சுற்றுகளை மட்டும் டிரையாக் எனப்படும் குறைகடத்தி ஸ்விட்ச் சுருளுக்கு விடுகிறது. 30 சுற்றுகளைத் தடுக்கிறது. சராசரியாகச் சுருள் பெறுவது 3 கிலோவாட்டில் ஐந்தில் இரு பங்கு, அதாவது 1.2 கிலோவாட்.

ஆனால் சுருள் இயங்கும் 0.4 வினாடியில் வெளியிலிருந்து 1.8 கிலோவாட் வருகிறதே, அதற்குக் கட்டணம் இல்லையா? அந்நேரத்தில் வந்தது 720 ஜூல். சுருள் நிற்கும் 0.6 வினாடியில் 1.2 கிலோவாட் வெளியே செல்கிறது. அதுவும் 720 ஜூல். சில மீட்டர்கள் ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 3,600 ஜூல் சேர்ந்த பின்னரே கணக்கில் ஏற்றும். அதற்குள் வரவும் செலவும் கழிந்துவிடுவதால் எதுவும் பதிவாவதில்லை. எல்லா மீட்டர்களும் அப்படியல்ல. கருவி இயங்கும்போது, நல்ல வெயிலிலும் வாங்கிய மின்சாரத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தால், உங்கள் மீட்டருக்கு இம்முறை ஒவ்வாது என்று ஐயுறலாம்.

வளையத்தைத் திசை மாற்றி மாட்டுவது மற்றொரு கோளாறு. அப்போது உள்ளே வரும் மின்சாரம் எஞ்சியதாகத் தோன்றும். சுருள் இயங்கத் தொடங்கியதும் அந்தப் பொய்யான மிச்சம் இன்னும் பெருகும். சுருள் முழு வேகத்தில் எரியும். இதைக் கண்டறிவது எளிது. இருட்டிய பின், தொட்டி நீர் ஆறியிருக்கும்போது, மின்கெண்டியில் நீரைக் கொதிக்க வையுங்கள். கருவி சுருளை இயக்கினால் வளையம் தலைகீழாக உள்ளது. அதைச் சரிசெய்வது மின்பணியாளரின் வேலை.

இனி எல்லைகளுக்கு வருவோம். முதல் எல்லை தொட்டியே. 150 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏற்றச் சுமார் 7.9 யூனிட் வேண்டும். 1.2 கிலோவாட் மிச்சம் இருந்தால் ஆறரை மணி நேரம் ஆகும். அதன்பின் தெர்மோஸ்டாட் சுருளைத் துண்டித்துவிடும். மிச்சம் மீண்டும் வெளியேதான் செல்லும். பிரிட்டனில் டிசம்பர் மாத உற்பத்தி ஜூன் மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. ஆகவே வெந்நீர் மிகவும் தேவைப்படும் பருவத்தில் மிச்சம் மிகக் குறைவு.

இரண்டாவது எல்லை விலை. 2010 முதல் 2019 வரை அங்கு புதியவர்களைச் சேர்த்த உதவித் திட்டத்தில், ஏற்றுமதியை அளக்கும் மீட்டர் இல்லாத வீடுகளுக்கு உற்பத்தியில் பாதி வெளியே சென்றதாகவே கொண்டு பணம் தரப்பட்டது. எனவே மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்புவதில் அவர்களுக்கு இழப்பே இல்லை. 2020 ஜனவரியில் தொடங்கிய திட்டத்திலோ வெளியே செல்லும் ஒவ்வொரு யூனிட்டும் அளக்கப்பட்டு விலை பெறுகிறது. ஒரு வீடு எரிவாயுவால் நீரைச் சூடாக்குகிறது என்று கொள்வோம். எரிவாயு யூனிட்டுக்கு 6 பென்ஸ், கொதிகலனின் பயனுறுதிறன் 85 விழுக்காடு என்றால் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை ஏறக்குறைய 7 பென்ஸ். அதே யூனிட்டை 12 பென்சுக்கு விற்க முடிந்தால், தொட்டிக்குத் திருப்பும் ஒவ்வொரு யூனிட்டிலும் 5 பென்ஸ் இழப்பு! விற்பனை விலை 4 பென்ஸ் என்றால் 3 பென்ஸ் ஆதாயம்.

ஆகவே கருவி வாங்குமுன் இரு எண்களை எழுதிப் பாருங்கள்: ஒரு யூனிட்டை விற்றால் கிடைப்பது, அதே வெப்பத்தை இப்போது பெற ஆகும் செலவு. முதல் எண் சிறியதாக இருந்தால்தான் ஆதாயம் உண்டு. ஆண்டு முழுவதும் சேரும் அந்த ஆதாயம் கருவியின் விலையை எத்தனை ஆண்டில் ஈடுசெய்யும் என்பதை அடுத்துக் கணக்கிடலாம்.