மூத்த பேத்தி படிக்கும் பொன்விழாக் கவிதை

நம் குடும்பங்களில் மணிவிழாவும் சதாபிஷேகமும் கணவரின் வயதை வைத்து வருபவை. அவருக்கு அறுபது ஆனால் ஒன்று, எண்பது ஆனால் மற்றொன்று. அதனால்தான் அந்த விழாக்களில் படிக்கும் வாழ்த்து மடல்களில் அவருடைய உழைப்பும் பதவியும் நிறைந்திருக்கும், மனைவிக்குக் கடைசியில் இரண்டு வரி கிடைக்கும். திருமணப் பொன்விழாவின் கணக்கு வேறு. ஐம்பது ஆண்டுகள் இருவருக்கும் சமமாக ஓடியவை. பழைய மடலை எடுத்துத் தேதியை மாற்றிப் படித்தால், பாட்டி அங்கே விருந்தாளியாகிவிடுவார்.

இந்த இடத்தில் மூத்த பேரனோ பேத்தியோ பேசுவது நல்ல உத்தி. ஒரு தம்பதியின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்த வேறொருவர் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் செவிலியைப் பேசவைக்கிறார். புதுமணப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்த செவிலி, தான் கண்டதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படச் சமைக்கிறாள் பெண். அவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவ்வளவுதான். ‘அன்பான தம்பதி’ என்று செவிலி எங்கும் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறாள்.

பொன்விழாக் கவிதை பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அப்பாவோ தெரிந்த தமிழாசிரியரோ எழுதிக்கொடுக்க, எட்டு வயதுப் பிள்ளை மைக் முன்னால் நின்று ‘இல்லறமெனும் நல்லறம் பேணி’ என்று ஒப்பிக்கும். கேட்பவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் அது பேத்தியின் குரல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசம், 1975இல் நடந்த கல்யாணத்தை 2001இல் பிறந்த பேத்தி நேரில் பார்த்ததுபோல வருணிப்பது. அவளிடம் இருப்பவை ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமும், ஆளுக்கொரு விதமாகக் கேட்ட கதைகளும்தான். அன்று மழை பெய்தது என்று தாத்தாவும், பெய்யவே இல்லை என்று பாட்டியும் சொன்னால், அந்தச் சண்டையையே எழுதிவிடலாம், சபை சிரிக்கும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா தையல்காரர், பாட்டி வீட்டிலிருந்தே காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்தவர். பேத்தி இப்படித் தொடங்கலாம்:

தீபா வளிக்கு முந்திய இரவு;
தாத்தா காலில் தையல் ஓட்டம்;
பட்டனும் கையுமாய்ப் பாட்டி பக்கம்.
‘போய்ப்படு’ என்பார், போக மாட்டாள்.
‘ஊசியில் நூலை யார்கோப் பார்’என
ஏசிக் கொண்டே எழாமல் இருப்பாள்.

இதில் தியாகம், பாசம் என்ற சொற்கள் இல்லை. அவருக்குக் கண் மங்கிவிட்டது என்பதையும் நேராகச் சொல்லவில்லை, நூல் கோக்கும் வேலை சொல்லிவிடுகிறது. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பிரிக்க முடியாதபடி இருவரும் ஒரே காட்சியில் இருக்கிறார்கள்.

யாப்பு தெரிந்தவர்களுக்கு இது அகவல் ஓசை என்பது புரியும். வரிக்கு நான்கு சீர். வெண்பாவைவிடப் பேச்சுக்கு நெருக்கமானது, எத்தனை வரி வேண்டுமானாலும் நீளும். நேரிசை ஆசிரியப்பாவாகவே முடிக்க விரும்பினால் கடைசிக்கு முந்தின வரியை மூன்று சீரில் நிறுத்த வேண்டும். எதுகை எல்லா வரியிலும் வேண்டியதில்லை. ‘ஊசி’, ‘ஏசி’ போல அங்கங்கே விழுந்தால் போதும், காது பிடித்துக்கொள்ளும். இருபது, இருபத்தைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். பந்தியில் இலை போட்டாயிற்று என்ற செய்தி மண்டபத்தில் பரவிவிட்டால் கம்பனே வந்தாலும் கேட்க ஆளிருக்காது.

முடிப்பதுதான் கஷ்டம். பெரியவர்களைச் சின்னவள் வாழ்த்த முடியாது. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்பதோ மேடைகளில் தேய்ந்துபோன வரி. பேத்திக்கு இன்னொரு வழி உண்டு. பேத்திகள் கேட்டு வாங்கிப் பழகியவர்கள். அடுத்த தீபாவளிக்கும் தனக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும், பட்டன் பாட்டி தைக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டு நிறுத்தினால், நீண்ட ஆயுளுக்கான வேண்டுதலும் அதற்குள் வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் பெயர்ப் பட்டியல். மகன்கள், மருமகள்கள், மகள்கள், மாப்பிள்ளைகள் எல்லோரையும் கவிதைக்குள் அடைக்கச் சொல்லிக் குடும்பத்தில் யாராவது கேட்பார்கள். அடைத்தால் கவிதை வாக்காளர் பட்டியல் ஆகிவிடும். ஒருவர் விடுபட்டால் பந்தி முடிவதற்குள் முகம் தூக்குவார். பெயர்களையெல்லாம் சட்டம் போட்டுக் கொடுக்கும் பிரதியின் அடியில், வயது வரிசைப்படி அச்சிட்டுவிடுவது நல்லது.