ஆடிட்டர் ஆன பிள்ளையின் வீட்டாருக்கு மேடையில் சொல்ல வேண்டியது

சி.ஏ. தேர்வில் தேறி, ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, உறுப்பினர் எண்ணும் வாங்கியவர்களுக்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் விழா எடுத்துச் சான்றிதழ் வழங்குகிறது. முன்வரிசையில் மூத்த ஆடிட்டர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் புதியவர்களும், அவர்களுடைய அப்பா, அம்மா, தாத்தா, சித்தி எல்லாரும் அரங்கை நிறைத்திருப்பார்கள். அந்த மேடையில் பேச அழைக்கப்படுகிறவர் என்ன பேச வேண்டும்?

வழக்கமான பேச்சு ஒன்று உண்டு. 1949-ல் கழகம் பிறந்தது, அதன் கருடச் சின்னத்தைத் தந்தவர் அரவிந்தர், நாட்டின் பொருளாதாரத்தில் ஆடிட்டர்களுக்குப் பெரிய பங்கு என்று அது போகும். புதிய உறுப்பினர்கள் இதையெல்லாம் படிக்கும்போதே கேட்டுவிட்டவர்கள். வீட்டாருக்கோ இது எட்டுவதில்லை. இந்தப் பேச்சை முதலில் வீட்டாரைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புது ஆடிட்டரின் கையெழுத்துக்கு முதல் சோதனை பெரும்பாலும் அவருடைய வீட்டிலிருந்தே வருகிறது என்பதுதான் காரணம்.

அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது என்பதை முதலில் புரியவைக்க வேண்டும். அதற்குச் சத்யம் நிறுவனத்தின் கதையே போதும். 2009 ஜனவரி 7-ம் தேதி, அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்குகளில் ஆடிட்டர்கள் வருடாவருடம் கையெழுத்திட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் பங்கு வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள்.

இங்கே பேச்சாளர் ஒரு நிமிடம் நின்று, தவறு எங்கே நடந்தது என்று வீட்டாருக்கு விளக்க வேண்டும். ஒரு கம்பெனி தன் கணக்கில் இவ்வளவு பணம் வங்கியில் இருக்கிறது என்று சொன்னால், ஆடிட்டர் வங்கிக்கு ஓர் உறுதிக்கடிதம் கேட்டு எழுதுவார். கடிதத்தை அவரே அனுப்ப வேண்டும், பதிலும் நேராக அவர் கைக்கே வர வேண்டும். நடுவில் கம்பெனி ஆள் கைபடக் கூடாது. சத்யத்தில் கடிதம் அனுப்புவதும் பதில் பெறுவதும் கம்பெனியிடமே விடப்பட்டிருந்தன என்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னர் கண்டறிந்தது. பெரிய கணக்குப் புதிர் எதுவும் அங்கே இல்லை. ஒரு கடிதம் எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் விட்டதுதான். சத்யத்தின் பழைய ஆடிட்டர்கள் இருவருக்கு 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

இதைக் கேட்ட ஓர் அம்மாவுக்கு, தன் பிள்ளை ராத்திரி பத்து மணிக்கும் ஏதோ ஒரு கடிதத்துக்காக ஏன் பிடிவாதம் பிடிக்கிறான் என்பது விளங்கிவிடும். பேச்சு அடுத்த படிக்குப் போகலாம்.

இனி வீட்டு விஷயம். பெரிய கம்பெனி மோசடி இவர்களில் பலரின் வாழ்க்கையில் வரப்போவதில்லை. வரப்போவது இப்படித்தான்: பெரிய மாமா டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வங்கிக்கடனுக்குச் சரக்கு இருப்புச் சான்று வேண்டும். கடையில் இருப்பது இருபத்திரண்டு லட்சம் ரூபாய்ச் சரக்கு. நாற்பது என்று காட்டினால்தான் கேட்ட கடன் கிடைக்கும். "நம்ம பையன்தானே, ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று மாமா அம்மாவிடம் சொல்வார். அம்மா பிள்ளையிடம் சொல்வார். சரக்கைப் போய்ப் பார்க்காமல், ரசீதுகளைச் சரிபார்க்காமல் பிள்ளை கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

இப்போது ஆடிட்டர் தரும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் யூடின் என்ற பதினெட்டு இலக்க அடையாள எண் வேண்டும். சான்றிதழ்களுக்கு இது 2019 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். அந்த எண்ணுக்குள்ளேயே அவருடைய உறுப்பினர் எண்ணும் இருக்கிறது. வங்கி அதிகாரி அதைக் கழகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, சான்று உண்மையில் அவர் கொடுத்ததுதானா என்று அறிந்துகொள்ளலாம். ஆடிட்டர் பெயரில் போலிக் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. எண் அசலாக இருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் தொகையும் அசல் என்று ஆகிவிடாது. ஆனால், பின்னால் "நான் தரவில்லை" என்று சொல்லவும் வழியில்லை. மாமாவின் கடன் திரும்பாமல் போனால் வங்கி கழகத்தில் புகார் கொடுக்கும். உரிய கவனம் இல்லாமல் கையெழுத்திட்டது தொழில்முறைத் தவறு. பெயரைப் பதிவேட்டிலிருந்து சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்க ஒழுங்குக் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

உறவைப் பற்றிச் சட்டமே பேசுகிறது என்பதையும் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். தம்பி ஒரு கம்பெனியில் இயக்குநர் என்றால் அண்ணன் அதற்கு ஆடிட்டராக முடியாது. தான் தணிக்கை செய்யும் கம்பெனியில் ஆடிட்டர் ஒரு பங்குகூட வைத்திருக்கக் கூடாது. அப்பாவோ அக்காவோ வைத்திருந்தால், முகமதிப்பில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. பத்து ரூபாய்ப் பங்கு என்றால் பத்தாயிரம் பங்கு. ஆகவே எந்தக் கம்பெனியில் பங்கு வாங்கினோம் என்று மகளிடம் சொல்லி வைப்பது அப்பாவின் வேலையும்தான். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் உறவுப் பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், மகன், மகள், மருமகள், மருமகன், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக்குடும்ப உறுப்பினர்கள் வருகிறார்கள். மாமனாரும் மைத்துனரும் அதில் இல்லை. நம் வீடுகளில் அழுத்தம் அதிகம் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான் என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டம் வாய்திறக்காத இடத்தில் தொழிலின் நன்னெறி விதிகளே துணை. நெருக்கத்தால் தீர்ப்பு வளையும் என்றால் அந்த வேலையை ஏற்கக் கூடாது என்கின்றன அவை.

இதையெல்லாம் பிரிவு எண் சொல்லி வாசித்தால் கூடம் தூங்கிவிடும். மேடையில் இவ்வளவு சொன்னால் போதும்: "அம்மா, அப்பா, யாராவது உங்களிடம் வந்து பிள்ளையின் கையெழுத்தைக் கேட்டால், நீங்களே மறுத்துவிடுங்கள். அவன் மறுத்தால் உறவு கசக்கும். நீங்கள் மறுத்தால் அவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை."

அதன் பிறகு முன்வரிசையைப் பார்த்துப் பேச வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கும் இளைஞன் கிளையன்ட்டை இழக்கிறான். அந்த மாதம் வாடகைக்குத் திண்டாடுகிறான். மறுத்துவிட்டு யாரிடம் பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறான். அவன் விட்ட வேலையை அடுத்த தெருவில் வேறொருவர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டால், அவன் மறுத்ததில் பயனில்லை. ஏற்கெனவே ஒரு ஆடிட்டர் பார்த்த தணிக்கையை ஏற்கும் முன் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்பது தொழிலின் விதி. அதைச் சடங்காக அனுப்பாமல், ஏன் விலகினீர்கள் என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மூத்தவர்கள் வேண்டும்.

தேர்ச்சி விகிதத்தையும், எத்தனை அட்டெம்ப்டில் தேறினார்கள் என்பதையும் மேடையில் பேசவே வேண்டாம். ஏழாவது முறையில் தேறியவரின் அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிள்ளையின் கையெழுத்துக்கும் அதே மதிப்புதான்.

அடுத்த விழாவில் பேச அழைப்பு வந்திருக்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பேச்சின் முதல் பாதியை வீட்டாருக்குக் கொடுங்கள், அதைத் தமிழிலேயே பேசுங்கள்.