ஆவி பறக்கும் படம்

மெனு கார்டுக்காக இட்லி, சாம்பாரைப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரிந்த ஆவி படத்தில் காணாமல் போகும். காரணம் வெளிச்சம் விழும் பக்கம். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி மறைந்துவிடும். பின்னாலிருந்து வந்தால்தான் அந்த நீர்த்துளிகள் மின்னும். அதனால் தட்டுக்குப் பின்பக்கம், சற்று ஓரமாக ஜன்னல் இருக்கட்டும். நேர் பின்னால் கருப்புத் துணி தொங்கட்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். சாம்பார் மட்டும் கடைசியில், கொதிக்கக் கொதிக்க வரட்டும். ஆறினால் ஆவி அடங்கும், மேலே ஆடையும் படியும். அதற்குள் எடுக்க முடியாதவர்கள், நனைத்துச் சூடாக்கிய பஞ்சைக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். அதில் தப்பில்லை என்பேன்; பரிமாறாத முந்திரியைப் பொங்கல்மேல் தூவுவதுதான் ஏமாற்று.

ஜூஸ் டம்ளரில் தண்ணீர் தெளித்தால் வழிந்தோடிவிடும். சரிபாதி கிளிசரின் கலந்து தெளித்தால் துளி அப்படியே நிற்கும். வெளிப்புறத்தில் மட்டும்தான்; அந்த டம்ளரை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

கொத்தமல்லியை ஐஸ் தண்ணீரில் போட்டுவைத்து, ஈரம் உதறி, கேமரா தயாரான பிறகே வையுங்கள். சூடு பட்டால் இலை சுருண்டு கறுத்துவிடும்.