எரிமலைப் படத்தில் எந்தப் புள்ளியை நம்புவது?

ஆஸ்துமாவுக்கும், கொரோனா முற்றியபோதும் டாக்டர்கள் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. மூச்சுக்குழாய்த் தசையின் செல்லுக்குள் போய் அது என்னதான் செய்கிறது? 2014-இல் பிளாங்கா ஹைம்ஸும் சக ஆய்வாளர்களும் இதைத் தேடினார்கள். நான்கு பேரிடமிருந்து வந்த செல்களை வளர்த்து, ஒவ்வொருவருடைய செல்களிலும் ஒரு பங்குக்கு மட்டும் 18 மணி நேரம் மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் எவ்வளவு ஆர்.என்.ஏ. உருவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ‘airway’ என்ற பெயரில் பொதுவில் கிடைக்கும் அந்தத் தரவில்தான் இந்தத் துறை மாணவர்கள் பலரும் இன்று கை பழகுகிறார்கள்.

மனிதனிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் மட்டுமே சுமார் 20,000. அத்தனையின் முடிவையும் ஒரே பார்வையில் காட்டுவதுதான் எரிமலைப் படம். ஒரு புள்ளி, ஒரு மரபணு. கிடைக்கோட்டில் மாற்றத்தின் அளவு இருக்கும்: நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் 1 என்றால் இரு மடங்கு, 2 என்றால் நான்கு மடங்கு, இடப்பக்கம் −1 என்றால் பாதி. மேலே போகப் போக, அந்த மாற்றம் தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு குறையும். பி மதிப்பு 0.01 என்றால் உயரம் 2, 0.001 என்றால் 3. மாறாத மரபணுக்கள் அடியில் குவிந்து கிடக்க, மாறியவை இருபுறமும் சிதறி மேலெழும்.

airway தரவில் SPARCL1 என்ற புள்ளி வலப்பக்கம் 4.6-ஐ ஒட்டி, படத்தின் உச்சியில் நிற்கிறது. அதாவது சுமார் 24 மடங்கு ஏற்றம். அதன் பி மதிப்பில் தசமப்புள்ளிக்குப் பிறகு நூறுக்கும் மேற்பட்ட பூஜ்யங்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

சிக்கல் மற்ற இடங்களில்தான். வலது ஓரத்தில், ஆனால் அடியில் கிடக்கும் புள்ளிகளைப் பாருங்கள். ஒரு மரபணு மருந்தில்லாத நான்கு மாதிரிகளில் 0, 1, 0, 3 என்றும், மருந்து பட்டவற்றில் 2, 0, 14, 0 என்றும் எண்ணப்பட்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 4 எங்கே, 16 எங்கே! நான்கு மடங்கு. ஆனால் அதில் 14 ஒரே ஒருவருடைய செல்லிலிருந்து வந்தது. மாற்றத்தின் அளவை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால், இப்படிப்பட்டவை முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும்.

நேர்மாறாக, நடுவை ஒட்டி உயரத்தில் நிற்பவை உண்டு. நால்வரிலும் தவறாமல் 1,000-லிருந்து 1,200 ஆனது போன்ற ஏற்றம் அது. மாற்றம் நிஜம், ஆனால் சிறியது. அது செல்லுக்கு முக்கியமா என்பதைப் படம் சொல்லாது. இரு மடங்கு என்ற செங்குத்துக் கோடு ஆய்வாளர்கள் வசதிக்காக வைத்துக்கொண்டது, 1.5 மடங்கு ஏறினாலே பல மரபணுக்களை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் இருக்கின்றன.

கிடைக்கோட்டு எல்லையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும், 20,000 மரபணுக்களைச் சோதித்தால் 0.05 என்ற எல்லையைச் சுமார் 1,000 மரபணுக்கள் தற்செயலாகவே தாண்டும். அதனால்தான் பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறையில் பி மதிப்புகளைத் திருத்துகிறார்கள். திருத்திய மதிப்பில் 0.05 என்றால், தேர்ந்தெடுத்த பட்டியலில் சராசரியாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போலி இராது என்று பொருள். ஒரு படத்தின் செங்குத்து அச்சு திருத்தாத பி மதிப்பைக் காட்டி, கோடும் 1.3 உயரத்தில் கிழிக்கப்பட்டிருந்தால், அது வெறும் 0.05-தான். அங்கே வண்ணம் பூசிய புள்ளிகளை அப்படியே நம்பக் கூடாது.

இரண்டு கோடுகளையும் தாண்டிவிட்டாலும் ஒரு நுணுக்கம் மிச்சமிருக்கிறது. வழக்கமான சோதனை கேட்பது “மாற்றம் பூஜ்யம்தானா?” என்பதை மட்டுமே. 2.1 மடங்கு என்று மதிப்பிடப்பட்ட மரபணு உண்மையில் 1.6 மடங்காக இருக்கலாம். “இரு மடங்கைத் தாண்டியதா?” என்பதையே கேள்வியாக்கிச் சோதிக்க DESeq2 மென்பொருளில் `lfcThreshold=1` என்று கொடுக்கலாம். airway தரவில் அப்படிக் கேட்டதும், நாலாயிரத்தைத் தாண்டியிருந்த பட்டியல் முன்னூறுக்குள் சுருங்கிவிடுகிறது.

ஹைம்ஸ் குழு வேறு மென்பொருளில் கணக்கிட்டு 316 மரபணுக்களைத் தேர்ந்தது. DUSP1, PER1 போன்ற தெரிந்த பெயர்களோடு, ஸ்டீராய்டோடு யாரும் அதிகம் சேர்த்துப் பேசாத CRISPLD2-உம் அதில் இருந்தது. அவர்கள் படத்தோடு நிற்கவில்லை. வேறொரு முறையில் அதன் ஆர்.என்.ஏ.வை அளந்தார்கள், புரதத்தையும் பார்த்தார்கள், இரண்டும் ஏறியிருந்தன. பிறகு செல்களில் அந்த மரபணுவை அடக்கிவிட்டு அழற்சியைத் தூண்டியபோது, IL6, IL8 என்ற அழற்சி மரபணுக்கள் முன்னைவிட அதிகமாக வேலை செய்தன.